நாலடியாரும் இரண்டாம் எழுத்தும்

நாலடியார் தோன்றிய வரலாறாக மதுரையில் வழங்கும் கதையைத் தமிழ்ச் சமணர் இல்லங்களில் அறியாதார் இலர். வற்கடத்தால் பாண்டிநாடு புகுந்த எண்ணாயிரம் முனிவர், நாடு செழித்தபின் தம் நாட்டிற்குத் திரும்ப விரும்பினர். பிரிய மனமில்லாத பாண்டியன் விடை தரவில்லை. ஆளுக்கொரு வெண்பா எழுதித் தத்தம் இருக்கையின்கீழ் வைத்துவிட்டு அவர்கள் இரவோடிரவாக நீங்கினர். சினந்த மன்னன் ஏடுகளை வையையில் எறியச் செய்தான். அவற்றுள் 400 ஏடுகள் நீரோட்டத்தை எதிர்த்து நான்கடி ஏறிவந்தன. அவற்றைத் தொகுத்ததே நாலடி நானூறு என்பர். அவற்றை நாற்பது அதிகாரமாக வகுத்து உரை கண்டவர் பதுமனார் என்பது மரபு.

கதையை வரலாறாகக் கொள்ளவேண்டுவதில்லை. பெருமுத்தரையரைக் குறிப்பிடும் வெண்பாக்கள் இரண்டு நூலினுள் இருத்தலால், நூலைக் கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினதாக ஆய்வாளர் பலர் கருதுவர். எனினும் கதைக்குள் பலரும் கருதாத ஒரு வினா கிடக்கிறது. வையைக் கரையில் ஓர் ஏட்டை எடுத்தவன் கையில் இருந்தது என்ன? ஒரே ஓலை, அதில் இடம்விடாமல் ஓடும் எழுத்துகள். அடி பிரிப்பு இல்லை, சொல் பிரிப்பு இல்லை, புள்ளியும் இல்லை. அதனை வாய்விட்டு வெண்பாவாகப் படிக்க அவன் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவான்? முதலடி எங்கே முடிகிறது என்பதை அவனுக்குச் சொல்வது எது?

இவ்வினாவுக்கு விடை பெரும்பாலும் எதுகையில் இருக்கிறது. எதுகையை இன்று செய்யுளின் அணியாகவே பள்ளிகளில் கற்பிக்கின்றனர். ஏட்டில் பாடல் வாழ்ந்த காலத்தில் அஃது அணி மட்டுமன்று. படிப்பவனுக்கு வழிகாட்டும் அடையாளக் கல்லாகவும் இருந்தது.

ஏட்டெழுத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்ற அச்சத்தாலும் எழுதும் விரைவாலும் மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே எழுதப்பட்டன. ஆகவே ‘ட’ என்று இருந்தால் அது ‘ட்’ ஆகவும் இருக்கலாம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. குற்றெழுத்துக்குப் புள்ளியிடுமாறு தொல்காப்பியம் கூறினும் ஏடெழுதுவோர் அதனைப் பெரும்பாலும் கைவிட்டனர். இன்று நாம் காணும் வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நிலைப்படுத்தினார். நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. மாங்குளம் முதலிய குன்றுகளின் பழைய கல்வெட்டுகளும், கீழக்குயில்குடிச் சமணர்மலையில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி மாணாக்கர் பெயர் தாங்கிய வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் சொற்களுக்கிடையே இடம் விடாமலே வெட்டப்பட்டவை. ஆனால் அவை உரைநடை. இன்னார் செய்வித்த திருமேனி என்னும் சிறு செய்தியைப் பொருளைக் கொண்டே பிரித்துவிடலாம். வெண்பாவில் பொருள் மட்டும் போதாது. ஓசையும் பிழையாது வரவேண்டும்.

பழம்பாடல் எதையும் எடுக்காமல், விளக்கத்தின் பொருட்டே புனைந்த ஒரு நேரிசை வெண்பாவைக் கொண்டு இதனைக் காண்போம். ஏட்டில் எழுதினால் அது பின்வருமாறு இருக்கும்:

எடடிலவரிவடிவாயெனறுமிருபபினுமபாடடினுயிரவிளஙகுமபாடுஙகாலகெடடொரசெவியிறபுகுநதபொருளசிநதையிலதஙகககவிஞனமனமறிவாரகாண

தமிழில் பழகிய கண்ணும் இதன்முன் ஒரு கணம் திகைக்கும். ஆயினும் வெண்பா என்று அறிந்த புலவன் திகைப்பதில்லை. அவன் முதற்சீரின் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறான். அது டகரம், அதை அடுத்தும் டகரம். அவ்விணை மீண்டும் எங்கே வருகிறது என்று அவன் கண் ஓலையில் ஓடுகிறது. ‘பாடடி’ என்னுமிடத்தில் ஒன்று. ‘கெடடொ’ என்னுமிடத்தில் மற்றொன்று. தொடக்கத்திலிருந்து முதல் இடம்வரை நான்கு சீர். அங்கிருந்து அடுத்த இடம்வரை மூன்று சீர். எனவே முன்னது இரண்டாமடியின் தொடக்கம். பின்னது இரண்டாமடியின் நான்காம் சீராகிய தனிச்சொல். நேரிசை வெண்பாவின் தனிச்சொல் முதலிரண்டு அடிகளின் எதுகையையே பெறும் என்னும் விதி இங்கே அவனுக்குத் துணை. ஓலையின் பாதி பிரிந்துவிட்டது.

அடுத்தது ‘செவி’. இதன் இரண்டாம் எழுத்து ‘வி’. அதற்கு இணை தேடினால் ‘கவி’ கிடைக்கிறது. இடையே நான்கு சீர் சரியாக அமைகின்றன. இங்கே ஒரு முடிச்சும் அவிழ்கிறது. ‘தஙகககவிஞன’ என்று மூன்று ககரங்கள் தொடர்ந்து நிற்கின்றன. அவற்றுள் எது எந்தச் சொல்லுக்கு உரியது என்பதைக் கண்ணால் மட்டும் அறிய இயலாது. ‘செவி’க்கு இணையாக நான்காமடி ‘கவி’ என்று தொடங்கவேண்டும் என்று அறிந்தவுடன், கடைசிக் ககரம் மட்டும் நான்காமடிக்கு உரியது, முன்னிரண்டும் ‘தங்கக்’ என்பதன் பகுதி என்பது தெளிவாகிறது. பாடல் இவ்வாறு விரிகிறது:

ஏட்டில் வரிவடிவாய் என்றும் இருப்பினும்
பாட்டின் உயிர்விளங்கும் பாடுங்கால் – கேட்டோர்
செவியிற் புகுந்தபொருள் சிந்தையில் தங்கக்
கவிஞன் மனமறிவார் காண்.

எதுகை செய்யும் வேலை அடியைப் பிரிப்பதோடு முடிவதில்லை. ஏட்டில் ‘கெடடொர’ என்றிருப்பதைக் ‘கேட்டோர்’ என்றும் படிக்கலாம், ‘கெட்டோர்’ என்றும் படிக்கலாம். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. பொருளோ ஒன்றுக்கொன்று மிகத் தொலைவு. முதற்சீரும் அப்படித்தான். அது ‘ஏட்டில்’ ஆகலாம். ‘எட்டில்’ ஆகவும் ஆகலாம். எழுத்தைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. இங்கே எதுகையின் இலக்கணத்தில் பலரும் மறந்துவிடும் பாதி விதி துணைக்கு வருகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் எதுகை ஆகாது. முதலெழுத்துகள் தம்முள் அளவால் ஒத்திருத்தல் வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு’ என்பதற்கு ‘கட்டு’ எதுகையாகும், ‘பாட்டு’ ஆகாது. நம் ஓலையில் ‘பாடடின’ என்பதில் கால் வெளிப்படையாக நிற்கிறது. அதனை ரகரமாகக் கொண்டால் ‘பரட்டின்’ என்று இவ்விடத்துப் பொருந்தாத சொல் வருமாதலால் நெடில் என்பது உறுதி. ஒன்று நெடிலானால் மற்ற இரண்டும் நெடிலே. ஆகவே ‘ஏட்டில்’, ‘கேட்டோர்’. எழுத்து சொல்லாமல் விட்டதைப் பக்கத்து அடியின் ஓசை சொல்லிவிடுகிறது.

முதலெழுத்தை அல்லாமல் இரண்டாம் எழுத்தை ஏன் ஒன்றுவித்தனர் என்று மாணவர் கேட்பதுண்டு. முதலெழுத்துக்கு மோனை என்னும் வேறு வேலை இருக்கிறது. நம் வெண்பாவின் முதலடியில் ‘ஏட்டில்’ என்பதற்கு மூன்றாம் சீரில் ‘என்றும்’. இரண்டாமடியில் ‘பாட்டின்’ – ‘பாடுங்கால்’. மூன்றில் ‘செவியிற்’ – ‘சிந்தையில்’. நான்கில் ‘கவிஞன்’ – ‘காண்’. முதற்சீரும் மூன்றாம் சீரும் இவ்வாறு ஒன்றுதலைப் பொழிப்பு மோனை என்பர். அடியின் நடுவே மூச்சு எங்கே சற்றுத் தங்கலாம் என்பதை அது காட்டுகிறது. எதுகை அடியின் தலையைக் காட்டும்; மோனை அடியின் இடையைக் காட்டும். ஒன்று மேலிருந்து கீழாக அடிகளைக் கட்டுகிறது. மற்றொன்று இடமிருந்து வலமாகச் சீர்களைக் கட்டுகிறது. அடிதோறும் முதலெழுத்து மாறி இரண்டாம் எழுத்து ஒத்து வருவதால், காதுக்குப் புதுமையும் பழக்கமும் ஒருங்கே கிடைக்கின்றன. அடியின் இறுதியில் ஓசை ஒன்றும் இயைபு தமிழிலும் உண்டு. திரைப்பாடல்களில் அதுவே மிகுதி. ஆனால் இயைபு அடி முடிந்தபின்னரே அறிவிக்கும். ஏட்டைப் படிப்பவனுக்கு வேண்டியது தொடக்கத்தின் அறிவிப்பு.

சங்கப் பாடல்களின் அகவல் நடையில் எதுகை இவ்வளவு இன்றியமையாததாக இல்லை. அங்கே எதுகையும் மோனையும் வருகின்றன; ஆனால் வரவேண்டிய இடத்திலெல்லாம் வருவதில்லை. பதினெண்கீழ்க்கணக்கின் வெண்பாக்களில்தான் அஃது ஒழுங்காக நிலைபெறுகிறது. அத்தொகுதியின் அறநூல்களில் சமணர் ஆக்கியவை பல. நாலடியாரோடு, முன்றுறை அரையனாரின் பழமொழி, காரியாசானின் சிறுபஞ்சமூலம், கணிமேதாவியாரின் ஏலாதி ஆகியவற்றைச் சொல்லலாம். பின்னிருவரும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரிடம் பயின்றவர் என்பது வழிவழி வரும் செய்தி. மதுரையில் வச்சிரநந்தி கி.பி. 470இல் திரமிள சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனரின் தரிசனசாரம் கூறுவதும் ஏறக்குறைய இக்காலச் சூழலையே சுட்டுகிறது. வடமொழியிலும் பிராகிருதத்திலும் வல்ல முனிவர்க்கு அம்மொழி யாப்புகளில் இரண்டாம் எழுத்தை ஒன்றுவிக்கும் கடமை இல்லை. தமிழில் எழுத வந்தபோது அவர்கள் அதனை முழுமையாக ஏற்றனர். இல்லறத்தார்க்கு அறம் உரைக்க எழுந்த நூல் ஏட்டை ஒருவர் படிக்கப் பலர் கேட்டு மனங்கொள்ளும் நூல். அதற்கு ஓசைக் கட்டு இன்றியமையாதது என்பதை உணர்ந்தே ஏற்றிருத்தல் வேண்டும். கன்னடத்துச் சமணப் புலவர்களிடமும் இதே வழக்கைக் காண்கிறோம். கி.பி. 10ஆம் நூற்றாண்டில் பம்பன் பாடிய காப்பியங்களில் நான்கடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது. அங்கே அதற்குப் பிராசம் என்று பெயர்.

எதுகையைச் சட்டமாகத் தொகுத்துத் தந்த நூல்களுள் இன்றுவரை பயிலப்படுபவையும் ஒரு சமணரின் ஆக்கங்களே. அமிதசாகரர் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ யாப்பருங்கலத்தையும் யாப்பருங்கலக்காரிகையையும் இயற்றினார். காரிகையின் விதிகள் கட்டளைக் கலித்துறையில் அமைந்தவை. நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து என்று அளந்து, நான்கடிக்கும் ஒரே எதுகை வைத்துப் பாடும் யாப்பு அது. எதுகை இன்னது என்று கூறும் விதியே எதுகையோடு மாணவன் காதில் விழுகிறது. அதைவிட நயமான ஓர் ஏற்பாடும் அந்நூலில் உண்டு. முதனினைப்புக் காரிகை என்ற பெயரில், எடுத்துக்காட்டுப் பாடல்களின் முதற்சொற்களை மட்டும் வரிசையாகக் கோத்த காரிகைகள் இடையிடையே வருகின்றன. அவற்றுக்குத் தனிப் பொருள் இல்லை. முதற்சொல் நினைவுக்கு வந்தால் அதன் எதுகை இரண்டாமடியை இழுத்துவரும். இரண்டாமடி தனிச்சொல்லை இழுத்துவரும் என்ற நம்பிக்கையே அவற்றின் அடிப்படை. ஏடு கையில் இல்லாமலே நூலை ஓதிய காலத்தின் திறவுகோல்கள் அவை.

எதுகை ஏட்டின் பிழையையும் காட்டிக்கொடுக்கும். நம் வெண்பாவைப் படியெடுப்பவன் ஒருவன் பொருளை மனத்தில் கொண்டு, ‘கவிஞன்’ என்பதற்குப் பதிலாகப் ‘புலவன்’ என்று எழுதிவிட்டான் எனக் கொள்வோம். பொருள் கெடவில்லை. ‘புலவன்’ என்பதும் புளிமாச்சீர். ஆதலால் தளையும் கெடவில்லை. ஆனால் வாய்விட்டுப் படித்தவுடன் தட்டுகிறது. ‘செவி’க்கு இணை இல்லை, ‘காண்’ என்பதற்கு மோனை இல்லை, முன்னே நிற்கும் ககர ஒற்றுக்குக் காரணமும் இல்லை. மூன்று சான்றுகள் ஒருங்கே பிழை என்கின்றன. எதுகை ‘வி’ என்னும் எழுத்தையும், மோனையும் ஒற்றும் ககரத்தையும் சுட்டுவதால் திருத்தமும் தானே கிடைக்கிறது. இதற்கு மாறாக அவன் ‘மனமறிவார்’ என்பதை ‘மனமுணர்வார்’ என்று எழுதியிருந்தால், எதுகையும் மோனையும் தளையும் பொருளும் எல்லாம் சரியாகவே இருக்கும். எந்தக் காதும் அதனைக் கண்டுபிடிக்க இயலாது. எதுகையின் காவல் அடியின் தலைவாயிலில் மட்டுமே. உள்ளறைகளில் அதற்கு அதிகாரம் இல்லை. அடிமுதற் சொல்லில் வரும் பாடபேதத்தைத் துணிந்து தீர்க்கும் பதிப்பாசிரியர், அடியிடைச் சொல்லில் தயங்கி இரண்டையும் காட்டிச் செல்வது இதனால்தான்.

இக்கருவியை மிகுதியாக நம்பினாலும் தீங்கு உண்டு. எல்லா எதுகையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றி வருவதில்லை. ‘காய்த்து’ என்ற சொல்லுக்குப் ‘பூத்து’ என்பது எதுகையாக வரலாம். இடையே நிற்கும் யகர ஒற்றைக் கணக்கில் கொள்ளாமல் தகரத்தை ஒப்பிடுவர். இதனை ஆசிடை எதுகை என்பர். ய், ர், ல், ழ் என்னும் நான்கு ஒற்றுகளுக்கே இச்சலுகை. ‘தக்கார்’ என்பதோடு ‘கற்றார்’ வருவதும் உண்டு. ஒரே எழுத்து இல்லையாயினும் இரண்டும் வல்லினம் ஆதலால் இனவெதுகை. மேலும் தனிச்சொல் இல்லாத இன்னிசை வெண்பாக்கள் நாலடியாரில் பல உள. இவற்றை அறியாத ஒருவர், எதுகை குறைந்ததாகக் கருதி நல்ல பாடத்தைத் திருத்திவிடக்கூடும். ஏட்டைக் கெடுத்தவர் அறியாதவர் மட்டும் அல்லர். அரைகுறையாக யாப்பு அறிந்தவரும் கெடுத்திருக்கின்றனர் என்று ஐயுற இடமுண்டு.

அச்சு வந்தபின் இந்நிலை மாறிற்று. 1893இல் போப்பையர் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட நாலடியார் பதிப்பிலோ, இன்றைய மலிவுப் பதிப்பிலோ அடி பிரித்து, புள்ளியிட்டு, தனிச்சொல்லைச் சிறு கோட்டுக்குப்பின் நிறுத்திப் பாடலைக் காண்கிறோம். அடியைத் தேடும் வேலை படிப்பவனுக்கு இல்லை. அதனால் எதுகையைக் காதால் வாங்கும் பழக்கமும் தளர்ந்தது. திண்ணைப் பள்ளியில் பாடலைச் சொல்லக் கேட்டு மனனம் செய்தபின்னரே மாணவன் அதனை ஏட்டில் கண்டான். இன்றைய மாணவன் கண்ணால் கண்டபின் வாயைத் திறக்கிறான். பலர் வாயைத் திறப்பதே இல்லை.

வாய்விட்டுப் படிக்கும்போது நேரும் பிழைகளுள் ஒன்றை மட்டும் இங்கே குறிக்கலாம். வெண்பாவுக்குரியது செப்பலோசை, ஒருவர் மற்றொருவர்க்கு எடுத்துச் சொல்வது போன்ற நடை. நம் வெண்பாவில் இயற்சீரும் காய்ச்சீரும் கலந்து வருதலால் அதனை ஒழுகிசைச் செப்பல் என்பர். அதனைப் பாட்டாக இழுக்கவும் வேண்டா. உரைநடையாக ஓட்டவும் வேண்டா. அடியின் முதற்சீரைச் சற்றுத் தெளிவாக எடுத்து, இரண்டாம் எழுத்தில் குரல் ஊன்றுமாறு சொல்லி, மூன்றாம் சீரின் மோனையில் மீண்டும் சிறிது எடுத்தால் போதும். பலரும் தடுமாறுவது தனிச்சொல்லில். அச்சில் அஃது இரண்டாமடியின் இறுதியில் நிற்பதால், அதுவரை ஒரே மூச்சில் படித்து, ‘பாடுங்கால் கேட்டோர்’ என்று முடித்து நிறுத்திவிடுகின்றனர். பாடும்போது கேட்டவர் என்று பொருள் திரிந்து, ‘பாட்டின் உயிர்விளங்கும்’ என்ற தொடர் காலில்லாமல் நிற்கிறது. ‘பாடுங்கால்’ என்பதில் நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘கேட்டோர்’ என்பதைத் தனியே எடுத்து, அதன்பின் நீள நிறுத்தாமல் ‘செவியிற்’ என்று மூன்றாமடிக்குள் செல்லவேண்டும். ஓசையால் அச்சொல் மேலிரண்டு அடிகளுக்கு உறவு. பொருளால் கீழிரண்டு அடிகளுக்கு உறவு. நாலடியாரின் நேரிசை வெண்பாக்களிலும் தனிச்சொல் பலவிடத்து இவ்வாறே கீழே உள்ள அடியின் பொருளைத் தொடங்கிவைக்கும். அச்சிட்ட சிறு கோடு அதன் முன்னே நிற்பது, குரல் தங்கவேண்டிய இடம் அதுவே என்பதற்காக.